ஈ.ஆர்.பி. பார்ட்னரோடு எஸ்.எல்.ஏ. போடுவது எப்படி: கடிகாரம் எப்போது ஓடும், எப்போது நிற்கும்

ஈ.ஆர்.பி.யை நிறுவிப் பராமரிக்கும் நிறுவனம்தான் பார்ட்னர். புகார் வந்தால் எவ்வளவு நேரத்தில் என்ன செய்வேன் என்று அவர் எழுதிக் கொடுப்பதுதான் எஸ்.எல்.ஏ. அந்த சப்போர்ட் ஒப்பந்தத்தில் முதலாளி படிப்பது பெரும்பாலும் ஒரே வரியைத்தான்: "அவசரப் புகாருக்கு 4 மணி நேரத்தில் பதில்." பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த 4 மணி நேரத்தை எந்தக் கடிகாரத்தில் எண்ணுவார்கள் என்பது பல பக்கம் தள்ளி, வரையறைகள் பகுதியில் இருக்கும். அங்கே யாரும் போவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 60 கோடி. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஓடுகிறது, நிறுவிக் கொடுத்தது உள்ளூர்ப் பார்ட்னர். மாதத்தின் கடைசி நாள், சனிக்கிழமை, மாலை 5.40. டெஸ்பாட்சில் பில் போட்டால் ஐ.ஆர்.என்., அதாவது அரசு போர்ட்டல் பில்லுக்குத் தரும் பதிவு எண், வரவில்லை. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஐ.ஆர்.என். இல்லாத பில் ஜி.எஸ்.டி. விதிப்படி பில்லே ஆகாது. லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது? சப்போர்ட் நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. பதில் 4 வேலை மணி நேரத்தில், தீர்வு 8 வேலை மணி நேரத்தில். ஆக, கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே திங்கள் காலை 9.30க்கு. பதில் தர மதியம் 1.30 வரை நேரம் உண்டு, தீர்வு தர மாலை 5.30 வரை. லாரி கிட்டத்தட்ட 48 மணி நேரம் நின்று, அந்த விற்பனை அடுத்த மாதக் கணக்குக்குப் போன பிறகும், பார்ட்னரின் மாத அறிக்கையில் அந்த டிக்கெட் பச்சை நிறத்தில்தான் இருக்கும். பார்ட்னர் ஏமாற்றவில்லை. நாம் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான்.

இந்த வழிகாட்டி அந்தக் கடிகாரத்தைப் பற்றியது. விலை பேசுவது, லைசென்ஸ், சர்வர் வாடகை எதற்குள்ளும் போகவில்லை.

## படி 1: எது நின்றால் எவ்வளவு நேரம் தாங்கும்

பார்ட்னர் அனுப்பும் மாதிரி ஒப்பந்தத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் ஆலைக்குள் ஒரு பட்டியல் போடுங்கள். அதை மாட்யூல் வாரியாகப் போடாதீர்கள். "அக்கவுண்ட்ஸ் மிக முக்கியம்" என்று எழுதினால் எந்தப் பயனும் இல்லை. எல்லா மாட்யூலும் முக்கியம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆலையில் நடக்கும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றும் சிஸ்டம் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அந்தந்தத் துறைக்காரரிடம் கேளுங்கள்.

நம் பம்ப் ஆலையில் இது இப்படி வரும். டெஸ்பாட்ச் பில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. சரக்கு வந்ததைப் பதியும் ஜி.ஆர்.என். அரை நாள் தாங்கும்; கேட் ரிஜிஸ்டரில் கையால் எழுதி வைத்து அப்புறம் ஏற்றலாம். உற்பத்திப் பதிவு ஒரு ஷிப்ட் தாங்கும். கொள்முதல் ஆர்டர் ஒரு நாள். சம்பளக் கணக்கு மாதத்தில் 25 நாள் யாருக்கும் வேண்டாம், கடைசி ஐந்து நாள் நின்றால் ஆலையே கொதிக்கும். ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிப்போர்ட்டும் அப்படித்தான். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி கெடு என்பதால் 8 முதல் 11 வரை அது உயிர். 15ஆம் தேதி அது கெட்டுக் கிடந்தால் ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே கோளாறு தேதியைப் பொறுத்துச் சின்னதாகவும் பெரியதாகவும் ஆகிறது என்பதுதான். பார்ட்னரின் மாதிரி ஒப்பந்தத்தில் தேதி என்ற பேச்சே இருக்காது. நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

பட்டியலைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கடந்த ஆறு மாத வாட்ஸப் குரூப்பையும் மெயிலையும் புரட்டி, எந்தெந்தப் புகாருக்கு யார் யாரைப் போனில் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள். கூட்டத்தில் முக்கியம் என்று சொல்வது ஒன்று, சனிக்கிழமை மாலை ஆள் கத்துவது வேறொன்று. இரண்டாவதை நம்புங்கள்.

## படி 2: யார் முதலில் பார்ப்பது

சப்போர்ட்டை எல்1, எல்2, எல்3, எல்4 என்று பிரிப்பது வழக்கம். எல்1 என்பது முதல் தடுப்பு: பாஸ்வேர்ட், அனுமதி, "இந்த ஸ்கிரீன் எங்கே" மாதிரியான கேள்விகள். எல்2 என்பது அந்த வேலையின் போக்கு தெரிந்த ஃபங்ஷனல் ஆள். செட்டிங், மாஸ்டர் டேட்டா, கணக்குத் தலைப்பு எல்லாம் அவர் கை. எல்3 டெவலப்பர். எல்4 மென்பொருளை உருவாக்கிய நிறுவனம்.

நடுத்தர ஆலைக்கு என் சிபாரிசு, எல்1ஐ உங்கள் ஆட்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். துறைக்கு ஒரு கீ யூசர், மேலே ஐ.டி.யில் ஒருவர். பார்ட்னரிடம் எல்1 வாங்கினால் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் போனை எடுத்து "சார், ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க" என்பார். எல்2க்கு விஷயம் போவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். உங்கள் கீ யூசர் பார்த்து, சரிபார்த்து, பில் எண், யூசர் பெயர், எரர் செய்தி மூன்றையும் எழுதி அனுப்பும் டிக்கெட் நேரே எல்2 மேஜையில் இறங்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் இப்படி எழுதலாம்: "வாடிக்கையாளரின் பதிவு செய்யப்பட்ட கீ யூசர் பதியும் டிக்கெட், பார்ட்னரின் எல்2க்கு நேரடியாகச் செல்லும்."

இதற்கு விலையாகப் பார்ட்னர் ஒன்று கேட்பார்: கீ யூசர் தவிர வேறு யாரும் டிக்கெட் போடக் கூடாது. நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீ யூசர் லீவில் போனால் யார் என்று மாற்று ஆளின் பெயரையும் பட்டியலில் சேருங்கள்.

எல்4 பற்றி ஒரு உண்மை. மென்பொருளிலேயே பக் இருந்தால் பார்ட்னரால் அதைத் திருத்த முடியாது, மேலே அனுப்பத்தான் முடியும். மேலே இருப்பவர்களும் தீர்வுக்கு நேரம் குறித்துத் தருவதில்லை. எஸ்.ஏ.பி.யின் என்டர்பிரைஸ் சப்போர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மிக அவசர நிலைக்கு ஒரு மணி நேரத்தில் முதல் பதில், 4 மணி நேரத்தில் "திருத்த நடவடிக்கை" என்கிறார்கள். அந்த நடவடிக்கை தீர்வாக இருக்கலாம், மாற்று வழியாக இருக்கலாம், வெறும் செயல்திட்டமாகவும் இருக்கலாம். தயாரித்தவரே அவ்வளவுதான் தரும்போது, 20 பேர் வேலை பார்க்கும் பார்ட்னரிடம் "எந்தப் பக்கையும் 8 மணி நேரத்தில் திருத்து" என்று எழுதி வாங்கினால் அது காகிதத்தோடு சரி. அவரிடம் கேட்டு வாங்க வேண்டியது மாற்று வழி. அது அவர் கையில் இருக்கிறது.

## படி 3: அவசர நிலையை யார் வைப்பது

பி1, பி2, பி3, பி4 என்ற நிலைகளுக்கு மாதிரி ஒப்பந்தத்தில் உள்ள வரையறை பொதுவாக "சிஸ்டம் முழுவதும் செயலிழப்பு" என்றால் பி1 என்று இருக்கும். நம் சனிக்கிழமை டிக்கெட்டை அதில் போட்டுப் பாருங்கள். சிஸ்டம் ஓடுகிறது. லாகின் ஆகிறது. ஸ்டாக் பார்க்கலாம். பில்லும் சேவ் ஆகிறது, ஐ.ஆர்.என். மட்டும் வரவில்லை. ஆக, இது பி2 அல்லது பி3. லாரிக்காரரிடம் போய் இதைச் சொல்ல முடியாது.

அதனால் பி1ஐப் படி 1ல் போட்ட பட்டியலை வைத்து வரையறுங்கள். "இணைப்பு அ-வில் உள்ள வேலைகளில் ஏதாவது ஒன்று ஒன்றுக்கு மேற்பட்ட பயனருக்கு நடக்காமல், மாற்று வழியும் இல்லாமல் இருந்தால் பி1." கூடவே தேதி விதி: "மாதத்தின் கடைசி மூன்று நாள், 8 முதல் 11, 18 முதல் 20 ஆகிய தேதிகளில் இணைப்பு ஆ-வில் உள்ள வேலைகள் ஒரு நிலை மேலே கணக்கிடப்படும்." அ-வில் எந்த நாளும் நிற்கக் கூடாத வேலைகள், ஆ-வில் தேதியைப் பொறுத்துப் பெரிதாகும் வேலைகள். 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி கெடு என்பதால் அதுவும்.

நிலையை வைக்கும் உரிமை உங்களுடையது என்று எழுதுங்கள். பார்ட்னர் பதறுவார்: "எல்லாத்தையும் பி1ன்னு போடுவீங்களே சார்." அவர் பயமும் பொய்யல்ல. அதற்கு ஒரு சமரசம் இருக்கிறது. டிக்கெட்டை உங்கள் நிலையிலேயே வைத்து வேலையை ஆரம்பிக்க வேண்டும். நிலை தவறு என்று பட்டால் மாதக் கூட்டத்தில் பேசலாம். ஒரு காலாண்டில் மூன்று தவறான பி1 என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் நான்காவதற்கு மணிக் கணக்கில் கட்டணம். வேலை நடக்கும்போது வாதாடக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம். "இது பி2தான்" என்று வாதாடியே முதல் ஒரு மணி நேரத்தைக் கழிக்கும் பார்ட்னர்கள் நிறைய.

## படி 4: ஒன்று போதாது, மூன்று நேரம் வேண்டும்

பதில் நேரம் மட்டும் எழுதியிருந்தால் அது ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்த மாதிரி; வைத்தியம் எப்போது என்று அதில் இல்லை. மூன்று நேரங்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதல் பதில், மாற்று வழி, நிரந்தரத் தீர்வு.

நம் ஆலைக்கு நான் பேச்சை ஆரம்பிக்கும் எண்கள் இவை. எல்லோருக்கும் பொருந்தும் அளவுகோல் இல்லை. படி 1ல் உங்கள் பட்டியல் என்ன சொல்கிறதோ அதுதான்.

| நிலை | எடுத்துக்காட்டு | முதல் பதில் | மாற்று வழி | நிரந்தரத் தீர்வு |
|---|---|---|---|---|
| பி1 | டெஸ்பாட்ச் பில் வரவில்லை | 30 நிமிடம் | 4 மணி நேரம் | 2 வேலை நாள் |
| பி2 | ஒரு குடோனில் ஜி.ஆர்.என். ஏறவில்லை | 2 மணி நேரம் | 8 மணி நேரம் | 5 வேலை நாள் |
| பி3 | ரிப்போர்ட்டில் தொகை தப்பு | 1 வேலை நாள் | இல்லை | 15 வேலை நாள் |
| பி4 | கேள்வி, அச்சு வடிவம் | 2 வேலை நாள் | இல்லை | அடுத்த வெளியீட்டில் |

நிரந்தரத் தீர்வு எல்4 கைக்குப் போகும் டிக்கெட்டுக்கு இந்தக் கடைசிக் கட்டம் பொருந்தாது என்று எழுதிக்கொடுங்கள். மாற்று வழிக் கட்டம் மட்டும் எதற்கும் விலக்கில்லை.

"பதில்" என்றால் என்ன என்று ஒரு வாக்கியம் அவசியம். "உங்கள் டிக்கெட் பதிவாகிவிட்டது" என்று மெஷின் அனுப்பும் மெயில் பதில் இல்லை. எல்2 தகுதியுள்ள ஒருவர், தன் பெயரோடு, டிக்கெட்டைப் படித்ததற்கு அடையாளமாக அடுத்து என்ன செய்யப் போகிறார், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்று எழுதினால்தான் பதில். பி1க்கு அதன் பிறகு மணிக்கு ஒரு முறை தகவல் வர வேண்டும், முன்னேற்றம் இல்லாவிட்டாலும்.

மாற்று வழியும் அப்படித்தான். "கையால் பில் போட்டுக்கொள்ளுங்கள்" என்பது மாற்று வழி ஆகாது. நம் சனிக்கிழமைக் கேஸில் உண்மையான மாற்று வழி எப்படி இருக்கும்? ஈ.ஆர்.பி.யிலிருந்து அந்தப் பில்லின் விவரத்தை ஜேசன் கோப்பாக இறக்குவது, `einvoice1.gst.gov.in` தளத்தில் உங்கள் லாகினில் போய் நேரடியாக ஏற்றுவது, வரும் ஐ.ஆர்.என்.னையும் க்யூஆர் கோடையும் பில்லில் சேர்த்து அச்சிடுவது. இந்தத் தளத்துக்கான லாகின் வேறு, ஈ.ஆர்.பி. பயன்படுத்தும் ஏ.பி.ஐ. யூசர் வேறு. தள லாகினின் பாஸ்வேர்ட் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் இருக்கும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. வேலையை விட்டுப்போன பழைய அக்கவுண்டன்ட்டின் எண்ணுக்குப் போகும். இதைச் சாதாரண நாளில் ஒரு முறை செய்து பார்த்து வையுங்கள்.

இதற்கு ஒரு பின்வால் உண்டு. திங்கட்கிழமை இணைப்பு சரியானதும் ஈ.ஆர்.பி. அதே பில்லை மறுபடி அனுப்பும். போர்ட்டல் `2150 : Duplicate IRN` என்று திருப்பி அடிக்கும். அந்த எரரைப் பார்த்து யாராவது பில்லை ரத்து செய்துவிட்டால் சிக்கல்தான், ஐ.ஆர்.என்.னை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அனுமதி, ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. ஆகவே, மாற்று வழியால் உண்டான பதிவுகளைச் சிஸ்டத்தில் ஒத்திசைத்துக் கொடுப்பதும் பார்ட்னரின் வேலை, அது முடியும்வரை டிக்கெட் மூடப்படாது என்று எழுதுங்கள்.

## படி 5: கடிகார விதிகள்

முதலில் வேலை நேரம். ஆலை திங்கள் முதல் சனி வரை காலை 8 முதல் இரவு 10 வரை ஓடினால் சப்போர்ட் நேரமும் அதுதான். பார்ட்னருக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பது அவர் பிரச்சினை. ஆனால் 24 மணி நேரமும் ஏழு நாளும் என்று கேட்கத் தேவையில்லை. சின்னப் பார்ட்னரிடம் அதைக் கேட்டால் விலை ஏறும், இரவு இரண்டு மணிக்கு எடுக்கும் ஆள் எதுவும் தெரியாதவராக இருப்பார். பி1க்கு மட்டும், மேலே சொன்ன கெடு நாட்களில் மட்டும், இரவிலும் போன் எடுக்க ஒரு எல்2 ஆள் என்று குறுகலாக வாங்குங்கள். அது மலிவு, நடக்கவும் செய்யும். விடுமுறைப் பட்டியலையும் இணையுங்கள். பார்ட்னரின் ஆபீஸ் பெங்களூரில் இருந்தால் கன்னட ராஜ்யோத்சவத்துக்கு அவர்களுக்கு லீவு, பொங்கலின் மூன்றாம் நாள் உங்களுக்கு லீவு, அவர்களுக்கு இல்லை. யார் பட்டியல் என்பதை எழுதாவிட்டால் சண்டை உறுதி.

அடுத்தது நிறுத்தம். எல்லா டிக்கெட் மென்பொருளிலும் "வாடிக்கையாளர் பதிலுக்காகக் காத்திருக்கிறது" என்று ஒரு நிலை உண்டு. அதில் வைத்தால் கடிகாரம் நிற்கும். ஈ.ஆர்.பி.நெக்ஸ்டின் சப்போர்ட் மாட்யூலிலேயே எந்த நிலையில் எஸ்.எல்.ஏ. நிற்க வேண்டும் என்று குறிக்க இடம் இருக்கிறது. இங்கேதான் நேரம் காணாமல் போகும்.

கிட்டப் போய்ப் பாருங்கள். காலை 10.10க்கு டிக்கெட். 10.25க்கு "ஸ்கிரீன்ஷாட் ப்ளீஸ்", கடிகாரம் நிற்கிறது. 10.40க்கு உங்கள் ஆள் அனுப்பிவிட்டார். மெயிலில் போனதால் நிலை மாறவில்லை. பார்ட்னர் ஆள் மதியம் 3 மணிக்குத் திறந்து பார்த்து, 3.05க்கு "எந்தக் கம்பெனி கோடு?" என்று கேட்டு மறுபடி நிறுத்துகிறார். சாயங்காலம் அறிக்கையில் பார்ட்னர் செலவழித்தது 20 நிமிடம். நீங்கள் காத்திருந்தது ஒரு முழு நாள்.

இதைத் தடுக்க மூன்று வரி போதும். தேவையான தகவல் எல்லாவற்றையும் ஒரே முறையில் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குக் கடிகாரம் நிற்காது. வாடிக்கையாளரின் பதில் எந்த வழியில் வந்தாலும், வந்த நிமிடமே கடிகாரம் ஓடும். சர்வரிலோ சிஸ்டத்திலோ பார்ட்னரே பார்த்துக்கொள்ளக்கூடிய தகவலைக் கேட்டு நிறுத்தக் கூடாது. பி1க்கு நிறுத்தமே இல்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், உங்கள் ஆள் போனை எடுக்காவிட்டால் பார்ட்னர் என்ன செய்வார்.

மூடிய டிக்கெட்டுக்கும் விதி வேண்டும். மூடும் உரிமை பதிந்தவருக்கு. ஐந்து வேலை நாள் பதில் இல்லை என்றால் தானாக மூடலாம். மூடிய 10 நாளுக்குள் அதே கோளாறு திரும்பினால் பழைய டிக்கெட்தான் திறக்கும், பழைய கடிகாரம்தான் தொடரும். இந்த வரி இல்லாவிட்டால் ஒரே கோளாறு மாதம் நான்கு முறை "தீர்ந்து", நான்கும் பச்சையில் சேரும்.

புதிய விதிகளோடு நம் சனிக்கிழமையைக் கணக்கிட்டால் 5.40க்கு டிக்கெட், 6.10க்குள் பெயரோடு பதில், 9.40க்குள் லாரிக்கு ஐ.ஆர்.என். உள்ள பில். 6.10க்கு யாரும் எடுக்கவில்லை என்றால் சப்போர்ட் லீடுக்குப் போன், 6.40க்கு டெலிவரி தலைவருக்கு, 7.40க்கு பார்ட்னர் நிறுவன உரிமையாளருக்கு. எஸ்கலேஷன் பட்டியலில் பதவியும் கைபேசி எண்ணும் இரண்டும் இருக்கட்டும், காலாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கட்டும்.

## படி 6: "எங்க பக்கம் இல்ல சார்"

பில் ஈ.ஆர்.பி.யிலிருந்து கிளம்பி, ஜி.எஸ்.பி. என்ற இடைத்தரகர் நிறுவனம் வழியாக, ஐ.ஆர்.என். தரும் ஐ.ஆர்.பி. போர்ட்டலுக்குப் போய் வருகிறது. எங்கே அடைத்தாலும் பார்ட்னர் அடுத்தவரைக் காட்டுவார், ஜி.எஸ்.பி. போர்ட்டலைக் காட்டும். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். போர்ட்டல் படுத்தால் பார்ட்னரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே, விலக்கு கொடுங்கள், ஆனால் ஆதாரத்தின் பேரில். டிக்கெட் வந்த ஒரு மணி நேரத்தில் அனுப்பிய கோரிக்கையும் திரும்பி வந்த எரர் பதிலும் நேரத்தோடு உள்ள லாக்கை இணைத்து, தவறு வெளியே என்று காட்டினால் நிரந்தரத் தீர்வின் கடிகாரம் நிற்கும். மாற்று வழியின் கடிகாரம் நிற்காது. ஜி.எஸ்.பி.யிடம் டிக்கெட் போட்டுத் துரத்துவதும் பார்ட்னர் வேலைதான். ஜி.எஸ்.பி. கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் பார்ட்னரை அங்கே அதிகாரம் பெற்ற ஆளாகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் "உங்க அக்கவுண்ட், நாங்க பேச முடியாது" என்பார்கள்.

## படி 7: பக் எது, மாற்றம் எது

ஏ.எம்.சி.யில் பக் இலவசம், மாற்றத்துக்குக் காசு. அதனால் எல்லாமே மாற்றமாகத்தான் தெரியும். எல்லைக்கோடு ஒன்றுதான்: கையெழுத்தான தேவை ஆவணத்திலும், யூ.ஏ.டி. என்ற பயனர் ஒப்புதல் சோதனையிலும் ஒத்துக்கொண்டபடி நடக்கவில்லை என்றால் பக். அந்த ஆவணத்தில் இல்லாததைக் கேட்டால் மாற்றம். யூ.ஏ.டி.யில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்தக் கோடு எதிராகவே வேலை செய்யும்.

சட்ட மாற்றத்தைத் தனியாக எழுதுங்கள். அது பக்கும் இல்லை, உங்கள் விருப்பமும் இல்லை. ஜி.எஸ்.டி. கவுன்சில் 2025 செப்டம்பர் 3ல் வரி விகிதங்களை மாற்றி அறிவித்தது, செப்டம்பர் 22ல் அமலுக்கு வந்தது. இடையில் 19 நாள். பம்ப் ஆலைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2022 ஜூலை 18 முதல் மின்சாரத் தண்ணீர் பம்புகளுக்கு 12லிருந்து 18 சதவீதம் ஆனபோதே பார்த்ததுதான். அப்படி ஒரு நாளில் விகிதத்தை மாற்றினால் மட்டும் போதாது. திறந்து கிடக்கும் விற்பனை ஆர்டர்கள், வாங்கிய முன்பணம், பழைய பில்லுக்கு எதிரான கிரெடிட் நோட் எல்லாவற்றிலும் எந்த விகிதம் என்று பார்க்க வேண்டும். "சட்ட மாற்றங்கள் ஏ.எம்.சி. கட்டணத்துக்குள், அமல் தேதிக்கு 5 வேலை நாள் முன் டெஸ்ட் சர்வரில், அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே 10 வேலை நாளுக்குக் குறைவாக இருந்தால் பி1 கணக்கில்" என்பது நல்ல வரி.

## படி 8: ஹைப்பர்கேர் எந்தத் தேதியில் முடிகிறது

சிஸ்டம் நிஜப் பயன்பாட்டுக்கு வரும் கோ-லைவுக்குப் பின் 30 நாள் தீவிர சப்போர்ட், அதாவது ஹைப்பர்கேர், என்று எழுதுவார்கள். ஏப்ரல் 1ல் கோ-லைவ் என்றால் அது ஏப்ரல் 30ல் முடியும். ஏப்ரலின் ஜி.எஸ்.டி.ஆர்-1 மே 11ல், 3பி மே 20ல். முதல் மாதக் கணக்கை மூடும் வேலையும் மே முதல் வாரத்தில்தான். சிக்கல்கள் வெளியே வரும் நேரத்தில் கன்சல்டன்ட் வேறு பிராஜெக்டில் இருப்பார். நாளை எண்ணாமல் நிகழ்வை எழுதுங்கள்: இரண்டு மாதக் கணக்கு மூடி, இரண்டு 3பி தாக்கலாகி, திறந்த பி1, பி2 எதுவும் இல்லாதபோது ஹைப்பர்கேர் முடியும். கடைசித் தவணைப் பணத்தையும் இதோடு கட்டுங்கள்.

## படி 9: அளப்பதும் பிடித்தம் செய்வதும்

"95 சதவீத டிக்கெட்டுகள் நேரத்துக்குள்" என்பது எல்லோரும் எழுதும் வரி. ஒரு மாதத்தில் 40 டிக்கெட். 38 சின்னவை, எல்லாம் நேரத்தில் முடிந்தன. இரண்டு பி1, இரண்டும் தவறின. 38/40, சரியாக 95 சதவீதம். பார்ட்னர் தேறிவிட்டார், நீங்கள் இரண்டு முறை டெஸ்பாட்சை நிறுத்தினீர்கள். நிலைக்கு நிலை தனியாக அளக்க வேண்டும். பி1 மாதம் ஒன்றிரண்டுதான் வரும் என்பதால் அதற்குச் சதவீதமே வேண்டாம், தவறிய எண்ணிக்கையை எண்ணுங்கள்.

அளவு எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். டிக்கெட் சிஸ்டத்திலிருந்து மட்டும். வாட்ஸப்பில் போன புகார் கணக்கில் வராது. எனவே, வாட்ஸப்பில் பேசினாலும் டிக்கெட் எண் இல்லாமல் பேசாதீர்கள். அறிக்கை பி.டி.எஃப். ஆக வந்தால் போதாது. டிக்கெட் பட்டியலை, ஒவ்வொரு நிலை மாற்றத்தின் நேரத்தோடு, எக்செல்லில் இறக்கிக்கொள்ள உங்களுக்கு லாகின் வேண்டும்.

பிடித்தத் தொகையைப் பற்றி அதிகக் கனவு வேண்டாம். ஆண்டு சப்போர்ட் கட்டணம் 6 லட்சம் என்றால் மாதம் 50,000. பி1 ஒன்று தவறினால் 5 சதவீதம், மாத உச்சவரம்பு 20 சதவீதம் என்று வைத்தால், எவ்வளவு மோசமான மாதத்திலும் உங்களுக்குக் கிடைப்பது 10,000 ரூபாய். லாரி நின்ற நஷ்டத்துக்கு இது ஈடாகாது. பார்ட்னர் நிறுவனத்துக்குள் உங்கள் டிக்கெட்டை மேலே ஏற்ற ஒரு கொக்கி, அவ்வளவே. அதனால் ஒரு வரியைக் கண்டிப்பாக நீக்கச் சொல்லுங்கள்: "இந்தப் பிடித்தமே வாடிக்கையாளருக்குள்ள ஒரே நிவாரணம்." இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ன் 74ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகைதான் இழப்பீட்டின் உச்சம், நியாயமான அளவு அதற்குள் தீர்மானிக்கப்படும். இந்த 10,000 இழப்பீடாக எழுதப்பட்டால் அதற்கு மேல் கேட்பது கடினம். "சேவைத் தரத்துக்கேற்ற கட்டணக் குறைப்பு, இழப்பீடு அல்ல" என்று எழுதச் சொல்லி, வக்கீலிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது காட்டுங்கள்.

உண்மையான பிடி வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்ந்து மூன்று மாதத்தில் நான்கு பி1 தவறினால், அபராதம் எதுவும் இல்லாமல் 30 நாள் நோட்டீஸில் விலகலாம், மீதக் காலத்துக்கான முன்பணம் திரும்பும். இதற்குத்தான் பார்ட்னர் கூடுதலாகப் பேரம் பேசுவார். அதுவே இதன் மதிப்பைச் சொல்லும்.

விலகும் உரிமை காகிதத்தில் இருந்தும் விலக முடியாமல் மாட்டிக்கொள்வது எதனால் என்றால், சாவி எல்லாம் அவர்களிடம் இருப்பதால். சர்வரின் ரூட் அனுமதி, ஈ.ஆர்.பி.யின் அட்மின் லாகின், டொமைன் பெயர், உங்களுக்காக எழுதிய கஸ்டம் ஆப்பின் சோர்ஸ் கோட் இவை ஒப்பந்தம் தொடங்கும் நாளிலேயே உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கோட் உங்கள் கிட் கணக்கில் இருக்கட்டும், பார்ட்னருக்கு அதில் எழுத அனுமதி கொடுங்கள். வாரம் ஒரு முறை டேட்டாபேஸ் பேக்கப் உங்கள் இடத்துக்கு வரட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதை வேறொரு மெஷினில் ஏற்றி, கடைசி நாளின் பில் அதில் இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துக்கு முன் செய்ய ஒரு வேலை பாக்கி. பார்ட்னரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆனால் தேதி சொல்லாமல், ஒரு சனிக்கிழமை மாலை ஒத்திகை பி1 ஒன்றைப் போடுங்கள். போர்ட்டல் வழியாக ஒன்று, அவசர எண்ணுக்குப் போன் ஒன்று. யார் எடுத்தார், எத்தனை நிமிடத்தில், டிக்கெட் எந்த நிலையில் பதிவானது, எஸ்கலேஷன் எண்களில் எது அணைத்து வைக்கப்பட்டிருந்தது என்று குறித்து வைத்து, திங்கட்கிழமை பேச்சுவார்த்தைக்கு அந்தத் தாளோடு போய் உட்காருங்கள்.